அடியில் ‘காஸ்ட்’ என்று போட்டிருந்தால் இரும்பாகிவிடுமா?

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவில் ஆப்பம் சுடாத வீடு குறைவு. போன வாரம் பக்கத்து வீட்டுத் தங்கை தன் ஆப்பச்சட்டியைக் கவிழ்த்துக் கொண்டுவந்து காட்டினாள். “அக்கா, அடியில டை காஸ்ட்னு போட்டிருக்கு. அப்ப இரும்புதானே? உள்ள கறுப்பு உரியுது, தேய்ச்சு எண்ணெய் விட்டுப் பழக்கிடலாமா?”

அதே மாதிரிச் சட்டி என் அடுப்பிலும் சில வருடமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எழுத்து. டை காஸ்ட் என்றால் உருக்கிய உலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்த்தது என்று அர்த்தம். சமையல் பாத்திரத்தில் அது அநேகமாக அலுமினியம்தான். வார்த்த விதத்தைப் பெரிதாகப் பொறித்துவிட்டு, எந்த உலோகம் என்பதைக் கழுவினால் போய்விடும் காகித ஸ்டிக்கரில் மட்டும் போடுகிறார்கள். கடைக்காரரும் “காஸ்ட்டு சேச்சி, கனமான சாதனம்” என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இத்தனை வருடமாக எனக்கு ஆறாத கோபம் இதுதான்.

அவள் சட்டியை அங்கேயே பார்த்துவிட்டோம். ஃபிரிட்ஜில் இருந்த காந்தம் அடியில் நன்றாக ஒட்டியது. அவள் முகம் மலர்ந்தது. அதே காந்தத்தைச் சட்டியின் பக்கச் சுவரில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. இன்டக்ஷன் அடுப்புக்காக அடியில் மட்டும் ஒரு எஃகுத் தகடு பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் பொறித்திருக்கும் சுருள் கம்பி அடையாளமும் அதற்குத்தான். வார்ப்பிரும்பென்றால் விளிம்பு வரை காந்தம் பிடிக்கும். கனமும் சொல்லிவிடும்: ஒரே அளவு, ஒரே தடிமன் என்றால் இரும்பு அலுமினியத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும்.

இன்னும் உறுதியான சாட்சி உரிந்த இடம். இரும்பில் எண்ணெய்ப் பதம் பெயர்ந்தால் அடியில் மங்கிய சாம்பல் நிறம் தெரியும், ஈரத்தோடு விட்டால் காலையில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். அவள் சட்டியின் நடுவில் பளபளவென்று வெள்ளி வட்டம், துருவின் சுவடே இல்லை. அலுமினியத்தின் மேல் பூசிய நான்ஸ்டிக். அதைத் தேய்த்து எண்ணெய் விட்டுப் பழக்குவது வீண் வேலை. மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும்.

அடியில் ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லை’ என்றும் இருந்தது. அது பூச்சுத் தயாரிப்பில் முன்பு சேர்த்த ஒரு ரசாயனம். அது இல்லை என்பதற்காகச் சட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் காயவிடலாம் என்று ஆகாது. வழக்கமான நான்ஸ்டிக் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும். இன்னும் சூடேறினால் வரும் புகை மனிதருக்குக் காய்ச்சல் போலப் படுத்தும், கூண்டுப் பறவைகளைக் கொன்றேவிடும். லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீட்டார் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆப்பச்சட்டிக்கு இது தோசைக்கல்லைவிடப் பெரிய ஆபத்து. எண்ணெய் இல்லாமல் வெறும் சட்டியைத்தானே காயவைக்கிறோம்? சின்ன அடி, பெரிய பர்னர், முழுத் தீ. பூச்சு முதலில் நடுவில் போவதும் அதனால்தான். தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ரென்று வற்ற வேண்டும். துளிகள் உருண்டு ஓடினால் 200 டிகிரியை ஒட்டிப் போய்விட்டது, தீயைக் குறையுங்கள்.

நியாயமாகச் சொன்னால், இந்தச் சட்டியில் வரும் ஆப்பத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஓரம் கண்ணாடியாக மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு, மூடியைத் திறந்ததும் தானே கழன்று வரும். துளி எண்ணெய் வேண்டாம். அம்மா கொடுத்த வார்ப்பிரும்புச் சட்டியில் முதல் ஆப்பம் இன்றைக்கும் பிய்கிறது. உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் வெளியே வந்துவிடும், பதற வேண்டாம். ஆனால் ஆப்பம் நடுவில் பிடிக்க ஆரம்பித்தால் சட்டியின் ஆயுள் முடிந்தது. தினமும் அடுப்பேறினால் இரண்டு மூன்று வருடத்தில் அந்த நாள் வந்துவிடும்.

இவ்வளவு மெச்சியும் என் தீர்ப்பு: வாங்காதீர்கள். எந்த உலோகம் என்பதை அடியில் பொறிக்காதவருக்கு நான் மறுபடி காசு கொடுக்க மாட்டேன்.

தங்கைக்கு வார்ப்பிரும்பே வாங்கச் சொல்லியிருக்கிறேன். காந்தத்தைக் கையோடு கொண்டுபோய் விளிம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு சட்டியைத் தூக்கிப் பிடித்து மரக்கரண்டியால் தட்ட வேண்டும். கணீரென்று ஒலித்தால் எடுக்கலாம். ‘தொக்’கென்று அடங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், வேறு சட்டி கேட்க வேண்டும்.