அழைப்பு முன்பணம்: தனிக் கணக்கிலா, பங்கு முதல் கணக்கிலா?

1956ஆம் ஆண்டு இந்திய நிறுமச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, உரிய ஒப்புதலுடன் பங்குகளைத் தள்ளுபடியில் வெளியிட இடமளித்தது. அக்காலத்து நிறுமம் ஒன்று 100 ரூபாய் முகமதிப்புள்ள 10,000 பங்குகளை 10 விழுக்காடு தள்ளுபடியில் வெளியிட்டதாகக் கொள்வோம். விண்ணப்பத்தில் 20, ஒதுக்கீட்டில் 20, முதல் அழைப்பில் 25, இறுதி அழைப்பில் 25 ரூபாய் செலுத்தவேண்டும். 400 பங்குகள் வைத்திருப்பவர், ஒதுக்கீட்டுப் பணத்துடன் இரண்டு அழைப்புகளுக்கும் உரிய 20,000 ரூபாயையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்.

ஒதுக்கீட்டின்போது ஒதுக்கீட்டுக் கணக்கில் 2,00,000, தள்ளுபடிக் கணக்கில் 1,00,000 பற்று வைத்து, பங்கு முதல் கணக்கில் 3,00,000 வரவு வைக்கவேண்டும். விண்ணப்பப் பணத்தையும் சேர்த்தால் பங்கு முதல் 5,00,000 ஆகிறது. தள்ளுபடி முழுவதும் இங்கேயே பதிவாகிவிடுவதால், பின்வரும் அழைப்புகளில் அதற்கு வேலையில்லை.

முன்பணமாக வந்த 20,000 ரூபாயை எங்கே வரவு வைப்பது? பணம் பங்குக்காகத்தானே வந்தது என்று நேராகப் பங்கு முதல் கணக்கில் சேர்ப்பது ஒரு வழி. அப்படிச் செய்தால், அழைப்புகள் விடுக்கப்படும்போது 10,000 பங்குகளுக்கும் மீண்டும் 5,00,000 வரவாகி, பங்கு முதல் 10,20,000 என்று நிற்கும். முழுப் பணமும் கட்டியவர் பெயரிலோ அழைப்புக் கணக்குகளில் 20,000 நிலுவை தெரியும். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் இருப்பாய்வு சமமாகவே இருக்கும் என்பதுதான் இதன் ஆபத்து. பங்கு முதல் கணக்கின் இருப்பை, வெளியிட்ட பங்குகளின் முகமதிப்போடு ஒப்பிட்டால்தான் பிழை வெளிப்படும்.

மற்ற வழி, அதை அழைப்பு முன்பணக் கணக்கில் பொறுப்பாக வைத்திருந்து, ஒவ்வோர் அழைப்பின்போதும் 10,000 ரூபாயை அழைப்புக் கணக்கிற்கு மாற்றுவதாகும். முதல் அழைப்பில் வங்கிக்கு 2,40,000 வரும். எஞ்சியது முன்பணத்திலிருந்து வரும். பங்கு முதல் சரியாக 10,00,000 ஆகிறது. இதுவே சரியான முறை என்பதில் எனக்கு ஐயமில்லை.

வட்டியும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரி உள்விதிகளான அட்டவணை ஏ, முன்பணத்திற்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வரை வட்டி தர அனுமதித்தது. அந்த வீதத்தில், முதல் அழைப்பு மூன்று மாதமும் இறுதி அழைப்பு ஆறு மாதமும் கழித்து விடுக்கப்பட்டால், 150, 300 என மொத்தம் 450 ரூபாய் வட்டியாகும். இது இலாபம் இல்லாவிட்டாலும் தரவேண்டிய செலவாதலால், இலாப நட்டக் கணக்கிற்குத்தான் செல்லவேண்டும். தள்ளுபடியோடும் பங்கு முதலோடும் இதைக் கலக்கக்கூடாது.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, தள்ளுபடி வெளியீட்டைத் தடைசெய்துவிட்டது. ஆனால் 50ஆம் பிரிவின்படி அழைப்பு முன்பணம் பெறுவது தொடர்கிறது. அழைப்பு விடுக்கப்படும்வரை அந்தத் தொகைக்கு வாக்குரிமை கிடையாது.