கையில் செக் இருக்கிறதென்று நிம்மதியாகத் தூங்காதீர்கள்: 2,88,000 ரூபாய் போன கதை

நேற்று சாயங்காலம் தென்மாவட்டத்தில் இருந்து வெறுங்கையோடு ஈரோட்டுக்குத் திரும்பினேன். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு. போர்வை, துண்டு, வேட்டி மொத்த வியாபாரம் செய்கிறவன் நான். என்னை ஏமாற்றியது அந்தப் பக்கத்தில் மூன்று மாடி வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம், வக்கீல் போடாதே என்கிறார்.

ஆகஸ்ட் 20ஆம் தேதி தீபாவளிக்கான சரக்கை அனுப்பினேன். பில் 3,84,000 ரூபாய். கடைக்காரர் நாலு செக் கொடுத்தார், ஒவ்வொன்றும் 96,000. தேதிகள் நவம்பர் 5, 15, 25, டிசம்பர் 5. பின்தேதி செக் எங்கள் தொழிலில் புதிதில்லை. வந்த அன்றைக்கே வரவு வைக்க மாட்டோம். பார்ட்டி பெயரில் பாக்கி அப்படியே நிற்கும், செக் கவரில் போய்விடும். எங்கள் கணக்கு மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ரசீதைப் பின்தேதியிட்டுப் பதிந்து வைத்தால், அந்தத் தேதி வரும் வரை லெட்ஜரில் ஏறாது. தேதி வந்ததும் தானாக ஏறிக்கொள்ளும். இந்தத் 'தானாக' என்கிற வார்த்தையில்தான் என் 2,88,000 ரூபாய் போனது.

முதல் செக் பாஸானது. நவம்பர் 13ஆம் தேதி அவரே போன் செய்தார். "தம்பி, பேங்க்ல ஓவர்டிராஃப்ட் லிமிட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கேன். இப்பப் போட்டீங்கன்னா ரிட்டர்ன் ஆயிரும், உங்களுக்கும் வீண் சார்ஜ். மிச்ச மூணையும் கையில வச்சுக்கிடுங்க, ஜனவரியில ஒண்ணாப் போட்டுக்கலாம். செக் உங்ககிட்டதானே இருக்கு." நானும் "சரிங்க அண்ணாச்சி" என்றேன். ஆறு வருஷப் பழக்கம். ஒரு செக் பாஸாகியும் இருக்கிறது. போன வருஷம் என் மகள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போன மனிதர். சந்தேகப்பட எனக்கு வாய் வரவில்லை.

செக்குகளை நான் போடவில்லை, ஆனால் பதிந்து வைத்த ரசீதுகளை யாரும் தொடவில்லை. நவம்பர் 15, 25, டிசம்பர் 5 என்று ஒவ்வொரு தேதி வந்தபோதும் மென்பொருள் அதன் வேலையைச் செய்தது. பார்ட்டி கணக்கில் 96,000 வரவு, வங்கிக் கணக்கில் 96,000 பற்று. வங்கியைப் பொறுத்தவரை அப்படி ஒரு பணமே வரவில்லை, செக் மூன்றும் என் இரும்புப் பெட்டியில் இருந்தன. அந்த மென்பொருளுக்குத் தேதி வந்தது தெரியும், செக் வங்கிக்குப் போனதா என்பது தெரியாது.

நான் வசூல் கேட்டுப் போன் செய்வது ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடுக்கும் பாக்கிப் பட்டியலைப் பார்த்துத்தான். டிசம்பர் 5க்கு அப்புறம் இந்தக் கடையின் பெயரே அதில் வரவில்லை. பட்டியலில் இருக்கிற நாற்பது பேரைத் துரத்துவதிலேயே நாள் போய்விடும், இல்லாத பெயரை யார் தேடுவார்கள்? பொங்கல் வேலையில் கவரையே மறந்துவிட்டேன். என் தப்புதான், மறைக்கவில்லை.

ஜனவரி கடைசியில் அந்தக் கடை மேனேஜர் எங்கள் ஆபீஸ் பெண்ணைக் கூப்பிட்டு, "ஆடிட்டர் கேட்கிறாரும்மா, லெட்ஜர் காப்பி சீல் போட்டு அனுப்பு" என்றிருக்கிறார். அந்தப் பெண் பாவம், பிரிண்ட் எடுத்து, சீல் குத்தி, வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பிவிட்டாள். நாலு செக்கும் வரவு, நிலுவை பூஜ்யம், கீழே எங்கள் சீல். ஏன் சரியாக அந்த நேரத்தில் கேட்டார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. சரக்கு வாங்கியவர் பில் தேதியில் இருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்கவில்லை என்றால், எடுத்துக்கொண்ட ஜிஎஸ்டி உள்வரிக் கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அவருக்கு அந்த 180 நாள் பிப்ரவரி நடுவில் முடிகிறது. கொடுக்காத பணத்துக்கு என் சீலே சாட்சி. அவருக்காக நான் கட்டிய வரி வேறு தனி.

விஷயம் வெளிவந்தது பிப்ரவரி 27ஆம் தேதி. மார்ச் முடிவுக்காக வங்கிக் கணக்கைச் சரிபார்த்த கணக்குப்பிள்ளை, "அண்ணா, நம்ம புக்குல 2,88,000 அதிகமா இருக்கு, பேங்க்ல வரவே இல்லையே" என்றார். கவரைத் திறந்தேன். செக்கில் போட்டிருக்கும் தேதியில் இருந்து மூன்று மாதம்தான் அது செல்லும். நவம்பர் 15 செக்கும் நவம்பர் 25 செக்கும் காலாவதி. 1,92,000 ரூபாய்க்கு இரண்டு வண்ணக் காகிதம். நவம்பர் 25 செக் இரண்டே நாளில் தவறிப்போனது. டிசம்பர் 5 செக்கை அன்றைக்கே போட்டேன். மார்ச் 2ஆம் தேதி ரிட்டர்ன் மெமோ வந்தது: செக் கொடுத்தவர் வங்கியிடம் சொல்லிப் பணம் தருவதை நிறுத்திவைத்திருக்கிறார். ஓவர்டிராஃப்ட் லிமிட் எல்லாம் சும்மா.

போன் செய்தால் "முதலாளி சாப்பாட்டுல இருக்காரு", "குலதெய்வக் கோயிலுக்குப் போயிருக்காரு". சரி என்று நேரில் போனேன். கேஷ் கவுண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து காப்பி கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம். காலாவதியான இரண்டு செக்கிலும் புதுத் தேதி போட்டுப் பக்கத்தில் கையெழுத்தாவது போடச் சொல்லுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "அதுக்கு முதலாளி வரணுமே" என்றார். முதலாளியின் செருப்பு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. கடைசியாக அதே மேனேஜர் போனை நீட்டி எங்கள் லெட்ஜர் படத்தைக் காட்டினார். "உங்க கணக்குலயே நிலுவை இல்லையே சார், எதுக்கு வந்து உட்கார்ந்திருக்கீங்க?"

வக்கீல் சொல்வது இது. பணத்தை நிறுத்திவைத்தாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது அவருக்குக் கிடைத்த பிறகு 15 நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். ஆனால் அது 96,000க்கு மட்டும். வங்கிக்கே போகாத மற்ற இரண்டுக்கும் சிவில் வழக்குத்தான். அங்கே அவர் முதலில் நீட்டப்போவது என் லெட்ஜரைத்தான். வங்கி ஸ்டேட்மென்ட்டை வைத்து அதை உடைக்கலாம், வருஷங்கள் ஆகும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். செக்கை வங்கியில் கொடுத்த அன்றைக்குத்தான் ரசீது ஏற வேண்டும். யாராவது "கையில வைங்க" என்றால் முதலில் பதிந்து வைத்த ரசீதின் தேதியைத் தள்ளுங்கள், இல்லை அழித்துவிடுங்கள். பாக்கி பாக்கியாகவே தெரியட்டும். கவர் மேல் செக் காலாவதியாகும் தேதியைச் சிவப்பில் எழுதுங்கள். தள்ளிப் போடச் சொன்னால் பழையதை வாங்கிக்கொண்டு புதுத் தேதி செக் கொடுக்கச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மாதா மாதம் வங்கிக் கணக்கைச் சரிபார்க்காமல் எவனுக்கும் சீல் போட்ட லெட்ஜர் கொடுக்காதீர்கள்.

2,88,000 ரூபாய். இந்த வாரம் சென்னிமலைத் தறிக்காரர்களுக்கு நான் கொடுக்க வேண்டிய பணம் அது. நோட்டீஸ் நாளைக்குப் போகிறது. அந்தக் கடைக்குச் சரக்கு அனுப்பப் போகிறவர்கள் யாராவது இருந்தால் என்னிடம் தனியாகக் கேளுங்கள், ஊரைச் சொல்கிறேன்.