ஒரு நாள் குஞ்சா, நாலு மாதப் பெட்டையா?

வீட்டு முட்டைக்கு எட்டுப் பெட்டைக்கோழி வேண்டும். ஒரு நாள் குஞ்சு 35 ரூபாய், நாலு மாதம் வளர்ந்த பெட்டை 400 ரூபாய். குஞ்சு மலிவு என்றுதான் நானும் கிராமப்ரியாக் குஞ்சுகள் இருபது வாங்கினேன்.

பிரிக்காமல் விற்கும் குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவல் என்பதை அப்போது யோசிக்கவில்லை. முதல் வாரமே ஓர் இரவு கரண்ட் போய் பல்பு அணைந்ததில் குளிரில் மூன்று செத்தன. மூன்றாம் மாதம் ஒன்றைக் கீரி கொண்டுபோனது. மிச்சம் பதினாறில் எட்டு பெட்டை, எட்டு சேவல். முதல் வாரம் செத்தால் நஷ்டம் குஞ்சு விலையோடு போகும். கீரி பிடித்ததோ மூன்றரைக் கிலோ தீவனத்தையும் சேர்த்துக் கொண்டுபோனது.

முட்டைக்கு வரும் இருபதாவது வாரம் வரை பெட்டை ஒன்று ஏழு கிலோ தின்றது. பதினான்கு வாரத்தில் விற்ற சேவல் ஒன்று நாலரைக் கிலோ. மொத்தம் 96 கிலோ, கிலோ 36 ரூபாய் வீதம் ஏறக்குறைய 3,450. குஞ்சு 700, பல்பு, உமி, கரண்ட் 300, மருந்து 200. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக் குப்பி நூறு கோழிக்கானது. ஏழாம் நாள் இருபது குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு விட்டதும் மீதி குப்பைதான். எட்டாவது வாரம் போடும் ஊசிக்கும் அதே கதை. அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து போட்டால் மிச்சம்.

ஆகச் செலவு 4,650. சேவல்கள் பத்துக் கிலோ, கிலோ 200க்குப் போய் 2,000 வந்தது. மீதி 2,650ஐ எட்டால் வகுத்தால் பெட்டை ஒன்று 330 ரூபாய்.

வளர்ந்த பெட்டையை வாங்கியிருந்தால் 400, முட்டைக்கு வரும் வரை ஒரு மாதத் தீவனம் 80, ஆக 480. குஞ்சு 150 ரூபாய் லாபம்தான். ஆனால் அந்தச் சேவல்களை விற்காமல் வீட்டில் குழம்பு வைத்திருந்தால் பெட்டை ஒன்று 580 ஆகியிருக்கும். கறிச் செலவு மிச்சமாகும், சரி, ஆனால் முட்டைக் கணக்கில் அது வராது. சேவலுக்கு ஆள் இல்லையென்றால் நான் பெட்டையைத்தான் வாங்குவேன்.

அதில் வேறொரு தொல்லை: முட்டையிட்டு ஓய்ந்த கிழடைப் புதுசு என்று தலையில் கட்டுவார்கள். கோழியைத் தலைகீழாகப் பிடித்து, எச்சத் துவாரத்தின் இருபுறமுள்ள எலும்பு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். இளம் பெட்டைக்கு இடையில் ஒரு விரல் நுழைவதே கஷ்டம். இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் அது முட்டையிட்ட கோழி. கால் செதிலும் சொரசொரப்பாக இருக்கும். தடுப்பூசி போட்ட தேதியையும் கேளுங்கள்.

கொட்டகை இருவகைக்கும் ஒன்றே. எனக்கு 6,000 ஆனது. ஐந்து வருடம் தாங்கினால் எட்டுக் கோழிக்கும் தலைக்கு வருடம் 150. முட்டைக்கு வந்த பிறகு தினம் 110 கிராம் தீவனம், அதாவது நான்கு ரூபாய். வருடம் 200 முட்டை என்றால் தீவனம் மட்டும் முட்டைக்கு 7.20. காலையில் பூட்டி வைக்காமல் மேயவிட்டு, சோற்று மிச்சமும் போட்டதில் கால்வாசி குறைந்தது. கீரிக்கும் அதே நேரம்தான் வேலை நேரம்.