செல்ஃபியில் எடுத்த முகத்தை 85 மி.மீ. படத்தில் பொருத்துவது: சில வருட அனுபவம்

ஸ்டுடியோவில் நான் பார்க்கும் ரீடச்சிங் வேலைகளில் இது அடிக்கடி வரும். விசேஷத்தில் எடுத்த நல்ல படம் ஒன்று இருக்கும், அதில் ஒருவருக்குக் கண் மூடியிருக்கும். மாற்று முகம் வேண்டுமென்றால் அவரிடமிருந்து செல்ஃபிதான் வரும். இதற்காக ஃபோட்டோஷாப்பில் உள்ள கருவிகளைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். எது உதவுகிறது, எது உதவாது என்பதை ஒரே ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு அறுபதாம் கல்யாணம். தம்பதியை 85 மி.மீ. லென்ஸில், ஏறக்குறைய 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்த படம். அம்மா அழகாக விழுந்திருக்கிறார். அப்பாவுக்கு ஹோமப் புகையில் கண் மூடிவிட்டது, வாயும் மந்திரத்துக்குப் பாதி திறந்திருக்கிறது. மகள் தன் மொபைலிலேயே அப்பாவின் செல்ஃபியிலிருந்து முகத்தை வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பினார். “அண்ணா, கண்ணு மூக்கு எல்லாம் அப்பாவோடதுதான், ஆனா ஆளு வேற யாரோ மாதிரி இருக்கே?” என்று கேட்டார். அவர் சொன்னது ரொம்பச் சரி. மூக்கு உருண்டு முன்னால் வந்திருந்தது, கன்னங்கள் பின்னால் ஒடுங்கியிருந்தன.

பலரும் இதை லென்ஸின் கோளாறு என்று நினைத்து `Lens Correction` பக்கம் போவார்கள். அது இங்கே பயன்படாது. அந்த ஃபில்டர் நேர்கோடுகள் வளைவதைச் சரிசெய்ய வந்தது, அந்த வளைவைப் பெரும்பாலான மொபைல்கள் படத்தைச் சேமிக்கும்போதே சரிசெய்துவிடுகின்றன. முகம் மாறுவதற்குக் காரணம் தூரம். 85 மி.மீ. லென்ஸையே 35 செ.மீ. கிட்டே கொண்டுபோய் எடுக்க முடிந்தால் அதிலும் இதே மூக்குதான் விழும். வைட் ஆங்கிள் லென்ஸ் செய்வதெல்லாம் நம்மை அவ்வளவு கிட்டே நிற்க வைப்பதுதான்.

கணக்காகப் பார்த்தால் எளிது. ஒரு பொருள் படத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பது தூரத்துக்கு எதிர் விகிதம். மூக்கு நுனியிலிருந்து கண் சுமார் 4 செ.மீ. பின்னால், காது சுமார் 12 செ.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்வோம். செல்ஃபியில் மூக்கு 35 செ.மீ., கண் 39, காது 47. 85 மி.மீ. படத்தில் அதே மூன்றும் 300, 304, 312. இரண்டு படங்களிலும் கண்களின் அளவை ஒன்றாக்கினால், செல்ஃபியின் மூக்கை ஏறக்குறைய 9 சதவீதம் சிறிதாக்க வேண்டும், காதை 17 சதவீதம் பெரிதாக்க வேண்டும். அதாவது முகத்தை ஒரே அளவில் சுருக்கியோ விரித்தோ இதைத் தீர்க்க முடியாது. ஆழத்துக்கு ஆழம் அளவு வேறு. 2018-இல் அமெரிக்காவில் முக அறுவைச் சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் வந்த கணக்கும் இதைத்தான் சொன்னது: 12 அங்குலத்திலிருந்து எடுத்தால் கன்ன எலும்புகளின் அகலத்தோடு ஒப்பிடும்போது ஆண்களின் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும், 5 அடிக்குப் போனால் அந்த மாற்றம் கிட்டத்தட்ட இருக்காது.

இனி கருவிகள். முழு முகமும் வேண்டுமென்றால் `Liquify`தான் நான் இன்றும் நம்பும் இடம். அதில் `Show Backdrop` போட்டால் கீழே உள்ள படம் மங்கலாகத் தெரியும், இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே வேலை செய்யலாம். `Pucker Tool` எடுத்து, பிரஷை முகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக்கி, நடுப்புள்ளியை மூக்கு நுனியில் வைத்து, குறைந்த வேகத்தில் மெல்ல அழுத்த வேண்டும். நடுப்பகுதி சுருங்க, ஓரம் இழுபட்டு விரியும். நமக்கு வேண்டியதும் அதுவே. `Face-Aware` பகுதியில் உள்ள `Nose Width` தனியாக மூக்கை மட்டும் குறுக்கும், சுற்றியுள்ள கன்னத்தை அப்படியே விட்டுவிடும். அதனால் முகம் மெலிந்தாற்போல் ஆகிவிடுகிறது. கடைசியில் சின்னத் திருத்தத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தப் படத்தில் நான் முழு முகத்தையும் எடுக்கவில்லை. அப்பாவின் தலை, காது, மூக்கு எல்லாம் 85 மி.மீ. படத்திலேயே சரியான அளவில் இருக்கின்றன. தேவை கண்ணும் வாயும்தான். கண் பகுதி மட்டும் என்றால் அதற்குள் ஆழ வேறுபாடு ஒன்றிரண்டு செ.மீ.தான், பிசகும் அதற்கேற்பக் குறைவு. எனவே இமையும் புருவத்துக்குக் கீழ் உள்ள சதையும் ஒரு லேயர். கண்ணின் வெளிமுனைகள் இரண்டையும் கீழே உள்ள படத்தின் வெளிமுனைகளோடு பொருத்தினேன். உதடு தனி லேயர். உதடு கண்ணைவிட ஒன்றரை செ.மீ. முன்னால் இருப்பதால், கண்ணுக்கு வைத்த அளவிலிருந்து 3, 4 சதவீதம் சிறிதாக்கினேன். இந்தச் சின்ன வித்தியாசத்தை விட்டால் வாய் கொஞ்சம் தடித்துத் தெரியும், பார்ப்பவருக்கு எது இடிக்கிறது என்று சொல்லத் தெரியாது. மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பையும் உதட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும், மாஸ்க் ஓரம் அந்த மடிப்பின் குறுக்கே போகக் கூடாது. அப்புறம் மொபைல் கூர்மையைக் கொஞ்சம் குறைத்து, நிறத்தையும் நிழலையும் சரிக்கட்டினால் போதும்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. செல்ஃபியில் பல் தெரியச் சிரித்திருந்தால் கன்னமும் கண்ணும் கூடவே மாறிவிடும், துண்டு துண்டாக எடுக்க முடியாது. கேமராவை உயர்த்திப் பிடித்து எடுத்திருந்தால் நெற்றி பெருத்து முகவாய் சிறுத்திருக்கும், அதை நேர்ப்பார்வைப் படத்தில் வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை. இன்னொன்று, மிகக் கிட்டே எடுத்த முகத்தில் பக்கவாட்டுச் சதையும் காதின் ஒரு பகுதியும் கேமராவுக்கே தெரியாமல் மறைந்துபோகும். படத்தில் விழாததை எந்த பிரஷாலும் வெளியே இழுக்க முடியாது. அதனால் வேறு உடலில் முழுத் தலையையே வைக்க வேண்டிய வேலைகளில் எவ்வளவு திருத்தினாலும் முகம் குறுகலாகவே நிற்கிறது.

ஒரு செல்ஃபி தேறுமா என்று பார்க்க, மூக்கு மடல்களின் அகலத்தை இரு கண்களின் உள்முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியோடு ஒப்பிடுவேன். அதே ஆளின் தூரப் படத்தில் இந்த விகிதம் என்னவோ அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் வேறு படம் கேட்டுவிடுகிறேன். கேட்கும்போது சொல்வது இதுதான்: வேறொருவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில், 2x வைத்து, கண் உயரத்தில் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும், சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 2x சொல்வதற்குக் காரணம் உண்டு. 12 மெகாபிக்சல் மொபைலின் சாதாரண லென்ஸில் அந்தத் தூரத்திலிருந்து ஒரு தலை 300 பிக்சல் உயரத்துக்குச் சற்று மேலேதான் வரும். 12x18 பிரிண்டில் தலை 2 அங்குலம் இருந்தால் 300 டிபிஐக்கு 600 பிக்சல் வேண்டும். தனி டெலி லென்ஸோ, 48 மெகாபிக்சல் சென்சாரோ உள்ள மொபைலில் 2x வைத்தால் அது கிடைத்துவிடுகிறது. மற்றவற்றில் 2x என்பது வெறும் டிஜிட்டல் ஜூம்தான். அப்போது ஒன்றரை மீட்டருக்கு வரச் சொல்கிறேன், மூக்கில் வரும் வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டாது.