சம்பளத்தைத் தள்ளிவைக்கும் கடிதத்துக்கு 6,800 ரூபாய் தண்டம்

போன வியாழக்கிழமை நடந்தது. ஆறிப்போனால் எழுத மாட்டேன், அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்துகிறேன். வேலையாட்கள் 11 பேர். ஏப்ரல், மே மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. ஜூலையில் மழை பிடித்தால் மலை ரயில் பாதையில் மண் சரியும், ரயில் ரத்தாகும், கூடவே நம் புக்கிங்கும் ரத்தாகும். இந்த வருடம் ஜூலையே காலி. ஆகஸ்டும் தேறாது என்று தெரிந்துவிட்டது.

மாதச் சம்பளம் மொத்தம் 1,92,000. 12,000 வாங்கும் ஐந்து பேரைத் தொடக்கூடாது என்பதில் நானும் மனைவியும் உறுதியாக இருந்தோம். 18,000 வாங்கும் நான்கு பேருக்கும் 30,000 வாங்கும் இரண்டு பேருக்கும் ஜூலை, ஆகஸ்ட் சம்பளத்தில் 30 சதவீதத்தைத் தள்ளிவைப்பது, ஆயுதபூஜை கூட்டத்தில் காசு வந்ததும் அக்டோபர் 10-இல் ஒரு பாதி, நவம்பர் 10-இல் மறுபாதி கொடுப்பது. இதுதான் திட்டம். எல்லாம் சேர்த்து 79,200 ரூபாய். மூன்றாவது சீட்டுத்தாளில் கணக்குப் போட்டு முடித்தேன்.

கணக்கு வந்துவிட்டது, வார்த்தை வரவில்லை. வருடக்கணக்காக நம்மோடு இருப்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? எழுத்து வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு தளத்தில், ஊழியர் கடிதங்களில் அனுபவசாலி என்று போட்டிருந்த ஒருவரைப் பிடித்தேன். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "தீபாவளிக்கு முன்னாடி எவ்வளவு கைக்கு வரும் சார்?" அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டேன். விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பி 6,800 ரூபாயை முன்பணமாகப் போட்டுவிட்டேன்.

மறுநாள் வந்த கடிதம் படிக்க அழகாகத்தான் இருந்தது. புதன் இரவு தூக்கக் கலக்கத்தில் மேலோட்டமாகப் பார்த்தேன். என் தப்பு அது. வியாழன் காலை எல்லோரையும் சமையலறையில் நிற்கவைத்து வாசித்தேன்.

"நிறுவனத்தின் நலன் கருதி ஊதியத்தின் ஒரு பகுதியை மனமுவந்து விட்டுக்கொடுக்கும் ஊழியர்களுக்கு, நிலைமை சீரானதும் படிப்படியாக..."

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "விட்டுக்கொடுக்கறதுன்னா அப்ப அது வராதுங்களா அண்ணா?" யாரும் எதுவும் பேசவில்லை.

தள்ளிவைப்பது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. முதலாவது நான் பட்ட கடன், இரண்டாவது அவர்கள் போட்ட பிச்சை. என் இரண்டு தேதிகளும் கடிதத்தில் எங்கேயும் இல்லை, தொகையும் இல்லை. கீழே "வாடிக்கையாளர் புராஜெக்ட் தாமதங்கள்" என்று ஒரு வரி வேறு. ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எழுதியதை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்.

கேட்டதற்கு, "தேதி போட்டா சட்டச் சிக்கல் சார், அதான் எடுத்துட்டேன்" என்றார். தேதி போடாததுதான் சிக்கல். எங்களைப் போன்ற சின்ன இடத்தில் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுப்பதுதான் சட்டம். ஊழியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அந்த உரிமை போகாது. எனக்குக் கடிதம் ஒரு கேடயம் அல்ல, வாக்குறுதி மட்டும்தான். தேதி இல்லாத வாக்குறுதியை வைத்து என்ன செய்வது?

அப்புறம் "இலவசத் திருத்தம் ஒன்றுதான், அது முடிந்துவிட்டது" என்றார். எப்போது முடிந்தது? எழுத்துப்பிழை ஒன்றைச் சொன்னேனே, அதுவாம். தளத்துக்கு எழுதினேன். "வேலை ஒப்படைக்கப்பட்டது, புகார் மூடப்பட்டது" என்று இரண்டு வரி. 6,800 போனது போனதுதான். அந்தக் காசுக்கு ஒருவருடைய ஒரு மாதத் தள்ளிவைப்பையே அடைத்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் நானே ஒரு பக்கத்தில் எழுதினேன். 18,000 வாங்குபவருக்கு மாதம் 5,400 வீதம் இரண்டு மாதம், ஆக 10,800 பாக்கி. அக்டோபர் 10-இல் 5,400, நவம்பர் 10-இல் 5,400. பி.எஃப். முழுச் சம்பளத்துக்கும் வழக்கம்போல 15-ஆம் தேதிக்குள் கட்டப்படும், அது தள்ளிப்போகாது. இந்த இரண்டு மாதமும் நான் ஒரு ரூபாய்கூட எடுக்க மாட்டேன். கூட்டம் வராவிட்டாலும் அக்டோபர் 10 மாறாது, மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுப்பேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதினேன். ஆளுக்கு ஒரு பிரதி, அவரவர் பெயரும் தொகையும் போட்டு என் கையெழுத்துடன் கொடுத்தேன். சமையல்காரர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. பழையபடி பேச நாளாகும் போல.

விவரமாக யோசனை சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். "படிப்படியாக", "சீரானதும்" என்று எங்கே வந்தாலும் அடித்துவிட்டுத் தேதி போடுங்கள். "விட்டுக்கொடுத்தல்" என்ற சொல் இருந்தால் தாளைக் கிழித்துவிடுங்கள். எல்லோர் முன்னாலும் வாசிப்பதற்கு முன், பணியாளர் ஒருவரிடம் காட்டி "இதில் உனக்கு எப்போது எவ்வளவு வரும், சொல்லு" என்று கேளுங்கள்.

அந்த ஆள் இன்னும் அதே தளத்தில் ஐந்து நட்சத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இன்று காலைதான் பார்த்தேன்.