இறங்க மறுத்த ‘மாறும்’ வட்டி

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்துவிட்டு, வட்டி வீதம் இனி இறங்கும் என்று நம்பி மாறும் வட்டியில் கையெழுத்திடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணிப்பு தவறவில்லை. நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகவே நாட்டில் வட்டி இறங்கியது. என் தவணை மட்டும் இறங்கவில்லை.

2023 ஏப்ரலில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சிறிய தொடர்மாடி வீட்டை வாங்கினோம். ஊரில் இருந்த காணியை விற்ற பணம் பெரும்பகுதிக்குச் சரியாகப் போனது. மீதி 40 இலட்சம் ரூபாயை 15 ஆண்டுக் கடனாக எடுப்பது என்று முடிவு. காலி வீதியில் இருக்கும் வங்கிக் கிளை ஒன்றில் இரண்டு வழிகளை முன்வைத்தார்கள். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 21 சதவீதம் நிலையான வட்டி. அல்லது, முதன்மைக் கடன் வீதத்துடன் 3 சதவீதம் கூட்டிய மாறும் வட்டி. அன்றைய கணக்கில் அது 24 சதவீதம்.

நிலையான வட்டி மாறும் வட்டியைவிடக் குறைவாக இருந்ததைக் கண்டு முதலில் வியந்தேன். பிறகு புரிந்தது. வட்டி இறங்கப் போகிறது என்று வங்கியும் எதிர்பார்க்கிறது. ஆகவே ஐந்து ஆண்டுகளுக்கு 21 சதவீதத்தை இப்போதே கட்டிப்போட்டுக்கொள்ள அதற்கு ஆசை. நானும் அதையேதான் எதிர்பார்த்தேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் ஏப்ரலில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. இந்த நிலையில் ஐந்து ஆண்டுகளுக்கு 21 சதவீதத்தில் மாட்டிக்கொள்வது மடத்தனம் என்று கணக்குப் போட்டேன். முதலாண்டில் சற்றுக் கூடுதலாகக் கட்டினாலும் பின்னர் இறங்கிவிடும் என்பது என் எண்ணம். கடன் பிரிவில் இருந்த தம்பியும் தலையாட்டினார். “மிஸ், முதன்மை வீதம் குறைந்தால் உங்கள் வட்டியும் தானாகவே குறையும்” என்றார். அந்தத் ‘தானாகவே’ என்ற சொல்லை நம்பித்தான் கையெழுத்திட்டேன்.

முதன்மை வீதத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்கிகள் தங்கள் மிக நம்பகமான பெரிய வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் குறுங்காலக் கடன்களின் வட்டியைச் சராசரியாக்கி, இலங்கை மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடுகிறது. அதன் முழுப் பெயர் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதம். வங்கிகளில் ஏ.டபிள்யூ.பி.ஆர். என்பார்கள். 2022 முடிவில் அது 27 சதவீதத்தைத் தாண்டி நின்றது. 2023 முடிவில் 12 சதவீதத்துக்கு அருகில் வந்துவிட்டது. இந்த எண்ணை எந்தத் தனி வங்கியும் தன் விருப்பத்துக்கு எழுத முடியாது, யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் அதோடு கட்டப்பட்ட கடன் பாதுகாப்பானது என்று நினைத்தேன்.

24 சதவீதத்தில் மாதத் தவணை 82,331 ரூபாய். ஜூன் முதலாம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 2.5 சதவீதப் புள்ளிகள் குறைத்தது. ஜூலையில் மேலும் இரண்டு புள்ளிகள். நவம்பர் முடிவில், மார்ச்சில் 16.5 ஆக இருந்த, கொள்கை வட்டிகளில் ஒன்றான துணைநில் கடன்வழங்கல் வீதம் 10 ஆகிவிட்டது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் பிறகு நான் வங்கிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: உங்கள் கடனின் மீளாய்வு ஏப்ரலில்தான். அதாவது, மாறும் வட்டி ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே மாறும். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. நான் கையெழுத்திட்ட கடன் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த முதலாண்டின் கணக்கைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. பன்னிரண்டு தவணைகளில் கட்டியது ஏறத்தாழ 988 ஆயிரம் ரூபாய். அதில் அசல் கடனில் கழிந்தது 31 ஆயிரம் மட்டும். இதில் களவு எதுவும் இல்லை, 24 சதவீதத்தில் நீண்ட காலக் கடனின் இயல்பு அது. தொடக்கத் தவணைகள் ஏறக்குறைய முழுவதும் வட்டிக்கே போய்விடும். அதனாலேயே மீளாய்வு ஆறு மாதம் தள்ளிப்போவதும் முந்தி வருவதும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன.

ஏப்ரல் வந்தது. முதன்மை வீதம் 11 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மூன்றைக் கூட்டினால் 14. மீதிக் கடனுக்குத் தவணை 54,000 ரூபாய்க்குள் வரும் என்று கணக்கிட்டு வைத்திருந்தேன். வங்கியிடமிருந்து வந்த கடிதத்தில் புதிய வீதம் 18 சதவீதம், தவணை 64,847 ரூபாய்.

மாதம் 11 ஆயிரம் ரூபாய் எங்கே போனது என்று கேட்க நேரில் போனேன். அதே தம்பி பழைய கடன் கடிதத்தைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். “எந்த நேரத்திலும் வட்டி வீதம் ஆண்டுக்கு 18 சதவீதத்திற்குக் குறையாது” என்று ஒரு வரி. குறைந்தபட்ச வீதம் என்று அதற்குப் பெயராம். மேலே ஏறுவதற்கு எந்த வரம்பும் இல்லை. “இது எல்லோருக்கும் போடுவதுதான், மிஸ்” என்றார். எல்லோருக்கும் போடுவது என்றால் எல்லோருக்கும் சொல்வதும்தானே முறை என்று கேட்டேன். பதில் இல்லை. இத்தனைக்கும் கடிதம் ஆங்கிலத்தில். நான் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிப்பவள்!

எங்கள் மேல் தளத்தில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவர் என்னைத் திட்டவில்லை. “பிள்ளை, நீ கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி” என்றார். “முதன்மை வீதம் 10 ஆனால் என் தவணை எவ்வளவு, 25 ஆனால் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லியிருக்க வேண்டும். அதை எழுதப் போகும்போது குறைந்தபட்ச வீதம் தானாக வெளியே வந்துவிடும்.” உண்மைதான். வாசகங்களை விளக்கச் சொன்னால் அதிகாரிகள் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். எண்களை எழுதச் சொன்னால் கடிதத்தை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

அவர் சொன்ன இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. நிலையான வட்டியை எடுக்காதது தவறில்லை என்று கணக்கோடு காட்டினார். 21 சதவீதத்தில் தவணை 73,224 ரூபாய். முதலாண்டில் அதைவிட மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டினேன். இப்போது 18 சதவீதத்தில் மாதம் எட்டாயிரத்துக்கு மேல் குறைவாகக் கட்டுகிறேன். ஏறக்குறைய 13 மாதங்களில் சமமாகிவிடும். “உன் கணிப்பு சரி, ஒப்பந்தம்தான் உன் கணிப்பை வாங்கவில்லை” என்றார்.

சரி, வேறு வங்கிக்கு மாறலாம் என்று பார்த்தேன். இன்னொரு வங்கி ஐந்து ஆண்டுகளுக்கு 12.5 சதவீதம் நிலையான வட்டி தருவதாகச் சொன்னது. தவணை 50 ஆயிரத்துச் சொச்சம். ஆனால் பழைய கடிதத்தில் இன்னொரு வரி காத்திருந்தது. முதல் மூன்று ஆண்டுகளுக்குள் கடனை முடித்தால் மீதித் தொகையில் 5 சதவீதம் கட்டணம், அதாவது ஏறத்தாழ 2 இலட்சம். அதற்கு மேல் பழைய ஈட்டு உறுதியை விடுவிப்பது, புதியதை எழுதுவது, நொத்தாரிசு, மதிப்பீட்டாளர், காணிப் பதிவகம் என்று இன்னொரு 90 ஆயிரம். மாதம் 14,700 ரூபாய் மிச்சமானாலும் செலவை மீட்க 20 மாதங்கள் ஆகும். ஐந்து ஆண்டு நிலையான காலத்தில் இன்னும் 40 மாதம் மிச்சம் இருக்கும். மாறுவது கணக்குப்படி சரி.

அதனால் பழைய வங்கியில் கடனை முடிப்பதற்கான மீதிக் கணக்கை எழுத்தில் கேட்டேன். அன்று மாலையே கிளை முகாமையாளர் அழைத்தார். ஓராண்டாக ‘விதி’ என்று சொன்னதெல்லாம் திடீரென்று பேசக்கூடிய விடயமாகிவிட்டது. ஆகவே மாறப்போவதாக வெறும் வாயால் சொல்லாதீர்கள், மீதிக் கணக்கைக் கேளுங்கள். அதுதான் அவர்களுக்குப் புரிகிற மொழி. மூன்று சுற்றுப் பேச்சுக்குப் பிறகு 2024 ஜூலையில் ஒரு திருத்தக் கடிதம் கிடைத்தது. குறைந்தபட்ச வீதம் நீக்கப்பட்டது. மீளாய்வு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதற்கு விலையாக, முதன்மை வீதத்தோடு சேர்க்கும் கூட்டுவீதம் மூன்றிலிருந்து நான்காக ஏறியது. அப்போது வட்டி 13 சதவீதத்தைச் சுற்றி வந்தது, தவணை 51,500 ரூபாய். மற்ற வங்கியோடு ஒப்பிட்டால் மாதம் ஆயிரத்துச் சொச்ச வித்தியாசம். அதற்காக மூன்று இலட்சம் செலவழிக்க மனம் வரவில்லை. இருந்துவிட்டேன்.

முதலில் எடுத்த கடிதத்தில் இதே வாசகங்கள் இருந்திருந்தால், கூட்டுவீதம் நான்காக இருந்தாலும், இரண்டாம் ஆண்டில் நான் கட்டிய 18 சதவீதம் தேவைப்பட்டிருக்காது. கூட்டுவீதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேரம் பேசுகிறோம். ஒரு சதவீதம் குறைத்தார்கள் என்று மகிழ்கிறோம். என்னை நான்கு சதவீதம் ஏமாற்றியது அந்தக் குறைந்தபட்ச வீதம்.

வட்டி ஏறும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கும் ஒரு சொல். என் சித்தியின் மகன் 2021 இல் கடன் எடுத்தவன். அவனுடைய கடிதத்தில் ‘நிலையான வட்டி’ என்று பெரிய எழுத்திலும் ‘சந்தை நிலைமைக்கேற்ப வங்கி மீளாய்வு செய்யலாம்’ என்று சின்ன எழுத்திலும் இருந்தது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது அந்தச் சின்ன எழுத்து வேலை செய்தது. நிலையானது எத்தனை மாதங்களுக்கு, அந்தக் காலத்துக்குள் வங்கி கைவைக்க முடியுமா என்று இரண்டையும் எழுத்தில் வாங்கியிருந்தால் அவன் தவணை ஏறியிருக்காது.

திருத்தக் கடிதத்தில் மேல்வரம்பு ஒன்றும் கேட்டேன். வட்டி எவ்வளவு ஏறினாலும் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று. கொடுக்க மறுத்துவிட்டார்கள். ஆகவே வட்டி ஏறினால் என் தவணையும் வரம்பின்றி ஏறும். அதற்காகப் பழைய 64,847 ரூபாயையே மாதந்தோறும் ஒதுக்கி, புதிய தவணை போக மிச்சமாகும் 13 ஆயிரத்துச் சொச்சத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வருகிறேன். ஒவ்வொரு மீளாய்வின் காலையிலும் மத்திய வங்கி வெளியிட்ட கடைசி எண்ணை எழுதி, நான்கைக் கூட்டி, வங்கிக் கடிதம் வரும்வரை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைக்கிறேன்.