அப்பா உதட்டுப் புண்ண மருன்னு சொல்லி சுட்டு விட்டாங்க, உஷாரா இருங்க

கடலூர், பாண்டி பக்கம் இருக்கவங்க ஒரு நிமிஷம் படிச்சிடுங்க. எங்க அப்பாவுக்கு 61 வயசு, தேவனாம்பட்டினத்துல முப்பது வருஷமா போட்டுல போறவரு, தலைக்கு துண்டு கூட கட்ட மாட்டாரு, பீடி வேற. போன தை மாசம் கீழ் உதட்டுல சின்னதா ஒரு பக்கு. காலைல டீ குடிக்கறப்ப அது டம்ளர் விளிம்புல ஒட்டி பிஞ்சு வரும், ரத்தம் கசியும், சாயங்காலத்துக்குள்ள மறுபடி பக்கு கட்டிடும். வெயில்ல வெடிச்சிருக்குன்னு விட்டுட்டோம்.

மெடிக்கல்ல ஒரு டியூப் குடுத்தாங்க, மூணு நாள்ல சிவப்பு கொறஞ்சிடும், நிறுத்தினா பத்து நாள்ல திரும்ப வந்துடும். இப்படியே நாலு டியூப். அதுல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு பின்னாடி தான் தெரிஞ்சுது, அது மேல இருக்க சிவப்ப அமுக்கும், அடில இருக்கறத ஒண்ணும் பண்ணாது.

அப்புறம் பாண்டில லேசர்னு போர்டு போட்ட ஒரு கிளினிக். ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "மருதான்மா, சுட்டுடலாம்"னாங்க. டெஸ்டுக்கு அனுப்ப வேணாமா சார்னு கேட்டேன், இதுக்கெல்லாம் எதுக்குன்னு சிரிச்சாங்க. 4,500 ரூபா. மூணு வாரத்துல மேல தோல் மூடிடுச்சு, அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு மாசத்துல அதே எடத்துல ரத்தம், இந்த தடவ அமுக்குனா பட்டாணி மாதிரி கெட்டியா ஒண்ணு.

ஜிப்மர் போனோம். அந்த டாக்டரம்மா முதல்ல கேட்டது எத்தன நாளா இருக்குன்னு தான். கிளவுஸ் போட்டு உதட்ட உள்ளயும் வெளியயும் ரெண்டு விரல்ல பிடிச்சு பாத்தாங்க, தாடைக்கு அடில கட்டி இருக்கான்னு தடவுனாங்க. மரத்துப்போக ஊசி போட்டு புண்ணோட ஓரத்துல அரிசி அளவு துண்டு எடுத்து ஒரு தையல், அவ்வளவு தான் பயாப்சி. ரிசல்ட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, தோல் கேன்சர் வகை, கீழ் உதட்டுல வர்ற கேன்சர்ல பெரும்பாலும் இதுதானாம், வருஷக்கணக்கா படற வெயிலும் பீடியும் காரணம்னாங்க.

அத்தை கத்தி பட்டா பரவிடும்னு ஒரே அழுகை, அதுலயே ரெண்டு வாரம் போச்சு. அப்படியெல்லாம் பரவாதும்மான்னு டாக்டரே கூப்பிட்டு சொன்னாங்க. ஆனா சுட்டதுல தழும்பும் நோயும் கலந்துடுச்சு, முதல்ல எவ்வளவு பெருசு, எவ்வளவு ஆழம்னு இப்ப சொல்ல முடியாதுன்னாங்க, சுடறதுக்கு முன்னாடி ஒரு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நல்லவேளை கழுத்துல கட்டி இல்ல, உதட்ட வி மாதிரி வெட்டி தச்சாங்க. வாய் கொஞ்சம் சின்னதாயிடுச்சு, டம்ளர்ல குடிச்சா சிந்துது.

மூணு வாரம் தாண்டியும் ஆறாம பக்கு கட்டி கட்டி ரத்தம் வர்ற புண்ண யாராவது சுடறேன்னு சொன்னா, துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்புவீங்களான்னு கேளுங்க, இல்லன்னா எழுந்து வந்துடுங்க. அந்த கிளினிக்ல போய் கேட்டேன், ரெக்கார்டே இல்லயாம். பில்லு மட்டும் எங்கிட்ட இருக்கு, அதுல மரு நீக்கம்னு தான் எழுதிருக்கு.